புதுப்பிப்பு: ஜவ்வரிசி ஆலைக் கட்டுரையை எடிட்டர் ஏற்றுக்கொண்டார்

முன்பு கேட்டது: "சேலத்து ஜவ்வரிசி ஆலையின் இணையதளத்துக்கு எழுதுகிறேன். பிரீஃபில் சொன்ன 'ஜவ்வரிசி நன்மைகள்' கீவேர்டைச் சேர்த்தும் எடிட்டர் திருப்பி அனுப்புகிறார். என்ன செய்ய?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. பலித்தது, முதலில் பதில் சொன்ன அக்காவின் யோசனை. அந்தக் கீவேர்டைக் கூகுளில் தேடி, யாருக்கான பக்கங்கள் வருகின்றன என்று பார்க்கச் சொன்னார். வந்ததெல்லாம் பாயசமும் உடல்நலக் குறிப்பும்தான். ஆலையோ மொத்த வியாபாரிகளுக்கு மூட்டையாக விற்கிறது. இதைச் சொன்னதும் எடிட்டர், துணைத்தலைப்புகளை மட்டும் முதலில் அனுப்பச் சொன்னார். வியாபாரிகள் போனில் என்ன கேட்பார்கள் என்று ஆலை மேலாளரிடம் விசாரித்தேன்: வெண்மை, மணியின் அளவு, ஈரப்பதம், வறுத்ததா வேகவைத்ததா. அவையே துணைத்தலைப்புகள் ஆயின. எழுதுவது அதன்பின் சுலபமாகிவிட்டது.

கீவேர்டை இன்னும் கூட்டச் சொன்ன தம்பி, தலைப்பில் அது வேண்டும் என்றது சரி. பத்திக்குப் பத்தி வந்ததை எடிட்டர் வெட்டிவிட்டார்.

எதிர்பாராதது ஒன்று: மேலாளர் சொன்ன 'ரசாயனம் சேராதது' என்ற வரியை ஆய்வக அறிக்கை இல்லாமல் எடிட்டர் விடவில்லை. சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது என்ற வரி, பதிவைக் காட்டியதும் கட்டுரையில் அப்படியே இடம்பெற்றது. 'ஜவ்வரிசி நன்மைகள்' என்று தேடி வருபவர்களுக்குத் தனிப் பக்கம் வேண்டுமா என்று ஆலை இன்னும் சொல்லவில்லை.