துணியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார்கள்

குடியாத்தம், பிளவுஸ் துணிக் கடை:
பத்துக்குப் பதினான்கு அடி கடை. சரக்குக்கு ஒதுக்கியது போக உள்வேலைக்கு 45,000 ரூபாய் இருந்தது. அதில் 16,000 ரூபாயை பால்ஸ் சீலிங்குக்குக் கொடுத்தேன். விளக்குக்குப் பணம் போதவில்லை. கூரையின் நடுவில் இரண்டு மலிவான வெள்ளை டியூப்களை மாட்டினோம். திறந்த வாரமே வந்தவர்கள் எல்லாம் துணியைப் புடவையோடு வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார்கள். மெரூன் உள்ளே பழுப்பாகத் தெரிந்தது. இருட்டிய பிறகு வந்தவர்கள் "காலையில் வருகிறேன்" என்று போனார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை.

சத்துவாச்சாரி, மளிகைக் கடை:
வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான் அக்கா. இன்னும் இரண்டு டியூப் மாட்டுங்கள். என் கடையில் அப்படித்தான் சரியானது.

வேலூர், எலக்ட்ரீஷியன்:
தம்பி, பருப்புக்கும் சோப்புக்கும் அது போதும். துணிக்கு வெளிச்சத்தின் அளவோடு தரமும் வேண்டும். அதே டியூபை நான்காக்கினாலும் மெரூன் பழுப்பாகத்தான் இருக்கும். மலிவான விளக்குகளில் சிவப்பு குறைவு. துணியின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்தான் சி.ஆர்.ஐ. டியூப் பெட்டியில் அது 90 என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரணமாக 80தான் வரும். வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின் போதும். 6500 என்றால் எல்லாம் நீலம் பூத்துத் தெரியும். இடமும் முக்கியம் அம்மா. நடுக்கூரையில் இருந்தால் தரைதான் பளிச்சென்று இருக்கும், அலமாரியின் கீழ்த்தட்டுகள் இருண்டுவிடும். அலமாரிக்கு இரண்டடி முன்னால், அதற்கு இணையாக மாட்டச் சொல்லுங்கள். எல்லா விளக்கையும் மாற்ற வேண்டாம். துணியை விரித்துக் காட்டும் மேசைக்கு மேலே முதலில் ஒன்று மாற்றிப் பாருங்கள்.

ஆம்பூர், செருப்புக் கடை:
நான் அலமாரியில் ஏமாந்தேன். புது பிளைவுட்டைச் சுவரோடு ஒட்டி அடித்தோம். மழைக்காலத்தில் சுவர் ஊறி, ஒரே வருடத்தில் கரையான். இப்போது பழைய இரும்பு ஆங்கிள் ரேக். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிற்கிறது. கடை மாறினாலும் கழற்றிக்கொண்டு போகலாம். பால்ஸ் சீலிங்கை வாடகைக் கட்டடத்தில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சத்துவாச்சாரி, மளிகைக் கடை:
ஆனால் பால்ஸ் சீலிங் வெயிலுக்கு நல்லது அல்லவா? மே மாதம் வேலூரில் ஓட்டுக்குக் கீழே நிற்க முடியவில்லையே.

வேலூர், எலக்ட்ரீஷியன்:
ஓட்டுக் கூரைக்கு ஓரளவு உதவும், மறுக்கவில்லை. இவர்களுடையது எப்படியோ தெரியவில்லை.

குடியாத்தம், பிளவுஸ் துணிக் கடை:
எங்களுடையது கான்கிரீட் தளம், மேலே இன்னொரு மாடி. வெயில் எங்கள் கூரையைத் தொடுவதே இல்லை. அந்த 16,000 அழகுக்குப் போனதுதான். நேற்று மேசைக்கு மேலே 90 என்று போட்ட டியூப் ஒன்றை மாட்டினோம். இரவு எட்டு மணிக்கு ஒரு அம்மா மெரூன் புடவைக்குத் துணி பார்த்தார். வாசலுக்குப் போகாமல் மேசையிலேயே வைத்துப் பார்த்து, ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டு போனார். இனி அலமாரி விளக்குகளை ஒவ்வொன்றாக மாற்றப்போகிறேன். கடை மேற்குப் பார்த்தது. மாலை வெயிலில் முன்வரிசைத் துணி வெளுக்கிறது. அதற்கு யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?