இரண்டு நிமிஷத்தில் கருந்துளை

ரேவதி: நாளைக்கு தாரணிக்கு ஸ்கூல் அசெம்பிளில பேச்சு. தலைப்பு கருந்துளை. ரெண்டே நிமிஷம்தான். அவளே எழுதிட்டா. பாலு, ஒரு தடவை பார்த்துடுங்களேன்.

ரேவதி: "அனைவருக்கும் காலை வணக்கம். கருந்துளை என்பது விண்வெளியில் உள்ள மிகப் பெரிய ஓட்டை. அது எல்லாவற்றையும் உறிஞ்சி விழுங்கிவிடும். ஒருநாள் நம் சூரியனும் கருந்துளையாகி பூமியை விழுங்கிவிடும்..." இன்னும் அரைப் பக்கம் இருக்கு.

குமார்: சூப்பர்டா தங்கம் 👏👏 மாமா வீடியோ எதிர்பார்க்கறேன்

சரசு அத்தை: இந்த ஓட்டை ஃப்ரிட்ஜ் கேஸ்னால வந்ததுதானே? இப்ப கொஞ்சம் கொஞ்சமா அடையுதுன்னு டிவில சொன்னான்.

குமார்: அக்கா அது ஓசோன் 😂

சரசு அத்தை: ஏதோ ஒண்ணு. எங்க பையன் அஞ்சாவதுல ஓசோன்தான் பேசினான். பாதில மறந்துட்டு "நன்றி வணக்கம்"னு இறங்கிட்டான்.

பாலு: அண்ணி, இப்பதான் பார்த்தேன். காலை வணக்கம் வரைக்கும் சரி. மத்ததை மாத்தணும்.

ரேவதி: அய்யோ. மனப்பாடமே பண்ணிட்டா.

குமார்: எதுக்கு மாத்தணும் மாப்ளே? சூரியன் பூமிய விழுங்கும்னு நானே படிச்சிருக்கேன்.

பாலு: அது வேற கதை மச்சான். சுமார் 500 கோடி வருஷம் கழிச்சு சூரியன் வீங்கிப் பெருக்கும். அப்ப பூமி தப்புமா மாட்டுமான்னு இன்னும் விவாதம் இருக்கு. ஆனா வீங்கினதுக்கு அப்பறம் அது எரிஞ்சு முடிஞ்ச ஒரு சின்ன மிச்சமா, வெள்ளைக் குள்ளனா அடங்கிடும். கருந்துளை ஆகற அளவுக்கு அதுக்கு எடை கிடையாது.

குமார்: நம்ம பிரசிடென்சி காலேஜ் சந்திரசேகர்தானே கருந்துளையக் கண்டுபிடிச்சது?

பாலு: அவர் கணக்கு வெள்ளைக் குள்ளனைப் பத்தினது. 1930ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போறப்ப ஆரம்பிச்சார். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல எடை போனா வெள்ளைக் குள்ளன் தாங்காதுன்னு வந்துது. தாங்காட்டி அடுத்து என்னங்கற கேள்விக்குக் கதவத் தொறந்தது அவர்தான். கண்டுபிடிச்சார்னு சொன்னா அதிகம்.

குமார்: பாதி மார்க் போடு 😄

தாரணி (அம்மா ஃபோன்ல): சித்தப்பா உறிஞ்சாதா?? யூடியூப்ல எல்லாரும் உறிஞ்சும்னுதான் சொல்றாங்க

பாலு: உறிஞ்சாதுடா. ஒரு கேள்வி. இப்ப சூரியன எடுத்துட்டு, அதே எடையுள்ள ஒரு கருந்துளைய அதே இடத்துல வெச்சா பூமிக்கு என்ன ஆகும்?

தாரணி (அம்மா ஃபோன்ல): உள்ள போயிடும்

குமார்: 💀

பாலு: போகாது. 8 நிமிஷம் 20 செகண்டுல இருட்டாகும், அப்பறம் எல்லாரும் குளிர்ல விறைப்போம். ஆனா பூமி இப்ப சுத்தற அதே பாதையில, அதே 365 நாளுக்கு ஒரு தடவை சுத்திக்கிட்டே இருக்கும். தூரத்துல நிக்கறவனுக்கு இழுப்பு எவ்வளவுங்கறது எடையையும் தூரத்தையும் பொறுத்தது. அந்த எடை பெருசா விரிஞ்சிருக்கா, சுருங்கிக் கெடக்கான்னு பூமிக்குத் தெரியாது.

ரேவதி: அப்ப கருந்துளைல என்னதான் ஸ்பெஷல்?

பாலு: சுருங்கினதுதான் ஸ்பெஷல் அண்ணி. சூரியனோட மேற்பரப்பு நடுவுலேர்ந்து சுமார் 7 லட்சம் கிலோமீட்டர். அதுக்கு மேல நெருங்க முடியாது, நெருங்கினா சூரியனுக்குள்ளயே போயிடுவோம். அதே எடைய 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள்ள அடைச்சா, அவ்வளவு பக்கத்துல போக வழி கிடைக்குது. அங்க ஒளியாலகூடத் தப்பிச்சு வெளிய வர முடியாது. பூமிய அப்படி அடைச்சா கோலிக்குண்டு சைஸ் வரும்.

சரசு அத்தை: பூமிய யாருப்பா அடைக்கப் போறாங்க?

பாலு: யாரும் இல்லக்கா, கணக்குக்குச் சொன்னேன். பெரிய நட்சத்திரம் எரிஞ்சு முடிச்சா அதோட நடுப்பகுதி தன் எடை தாங்காம தானே உள்ள இடிஞ்சு விழும்.

தாரணி (அம்மா ஃபோன்ல): ஆனா நிஜமா யாராவது பாத்தாங்களா? ஒளியே வரலன்னா எப்படித் தெரியும்

பாலு: இதத்தான் நீ பேசணும். நம்ம பால்வெளி மண்டலத்தோட நடுவுல ஒரு கருந்துளை இருக்கு. அதச் சுத்தி ஓடற நட்சத்திரங்களை ரெண்டு குழு 1990கள்லேர்ந்து விடாம பார்த்தாங்க. ஜெர்மன் குழு சிலியிலேர்ந்து, அமெரிக்கக் குழு ஹவாயிலேர்ந்து. அதுல எஸ்2ன்னு ஒரு நட்சத்திரம் 16 வருஷத்துக்கு ஒரு சுத்து சுத்துது. எதச் சுத்துது? அந்த இடத்துல அந்த இழுப்புக்குக் காரணமா ஒரு நட்சத்திரமும் தெரியல. பாதையும் நேரமும் தெரிஞ்சா நடுவுல இருக்கறதோட எடையக் கணக்குப் போட்டுடலாம். சுமார் 43 லட்சம் சூரியன் வந்துது.

பாலு: 2018 மே மாசம் எஸ்2 அதுக்கு ரொம்ப நெருக்கமா வந்துது. செகண்டுக்கு சுமார் 7,700 கிலோமீட்டர் வேகம். சுத்தி வளைஞ்சது, திரும்பி வெளிய போயிடுச்சு. விழுங்கல.

குமார்: நெருக்கம்னா?

பாலு: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தப் போல 120 மடங்கு. ஒளிகூடத் தப்ப முடியாத அந்தக் கருந்துளையோட எல்லை நடுவுலேர்ந்து ஒண்ணேகால் கோடி கிலோமீட்டர்தான். எஸ்2 வந்தது 1,800 கோடியில. அதனால தப்பிச்சுது. எல்லைக்கு மூணு மடங்கு தூரத்துக்குள்ள போயிட்டா நிலையா சுத்த முடியாது, சுழலாத கருந்துளைக்கு இந்தக் கணக்கு.

குமார்: அப்ப ஆரஞ்சு கலர் வளையம்னு ஒரு ஃபோட்டோ வந்துதே?

பாலு: அது ரெண்டு இருக்கு. 2019ல வந்தது எம்87ங்கற வேற மண்டலத்துது. 2022ல வந்தது நம்ம மண்டலத்துது. ரெண்டுமே ரேடியோ அலை. ஆரஞ்சு நாம பூசினது.

ரேவதி: அது போதும் பாலு. ரெண்டு நிமிஷத்துக்கு எழுதித் தாங்க.

பாலு: "அனைவருக்கும் காலை வணக்கம். கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் என்று நினைக்கிறோம். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை இருந்தால், பூமி விழாது. இருட்டில், குளிரில், இதே பாதையில் சுற்றும். கருந்துளை என்பது ஏராளமான நிறை மிகச் சிறிய இடத்தில் அடைந்தது. அதன் எல்லையைத் தாண்டியது ஒளியாக இருந்தாலும் திரும்பாது. எல்லைக்கு வெகு வெளியே அது மற்ற பொருள்களைப் போலத்தான் இழுக்கும். நம் பால்வெளியின் நடுவில் ஒன்று உண்டு. 2018இல் எஸ்2 என்ற நட்சத்திரம் அதை நெருங்கிச் சுற்றிவிட்டு, திரும்பிப் போனது. இப்படிப்பட்ட நட்சத்திரங்களைப் பல ஆண்டுகள் கவனித்த இரண்டு குழுக்களின் தலைவர்கள் கென்செலும் கெஸ்ஸும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் சூரியன் கருந்துளையாக மாறாது. அதற்கு நிறை போதாது. நன்றி."

குமார்: அதே வருஷம் பென்ரோஸுக்கும் கிடைச்சுதே

பாலு: ஆமா, பாதிப் பரிசு. அவருக்கு, கருந்துளை உருவாகும்னு கணக்குல காட்டினதுக்காக. இவங்களுக்கு நட்சத்திரத்தப் பார்த்ததுக்காக.

தாரணி (அம்மா ஃபோன்ல): சித்தப்பா உள்ள என்ன இருக்குன்னு கேட்டா?

பாலு: நடுவுல எல்லா எடையும் ஒரே புள்ளியில கூடுதுன்னு ஐன்ஸ்டீனோட ஈர்ப்புச் சமன்பாடு சொல்லுது. அடர்த்தி முடிவிலின்னு விடை வந்தா, அந்த இடத்துல அந்தச் சமன்பாடு போதலன்னுதான் பலரும் எடுத்துக்கறாங்க. "இன்னும் யாருக்கும் தெரியாது"ன்னு சொல்லு.

குமார்: வேற பிரபஞ்சத்துக்குப் போற வழின்னு சொல்லலாமே? கைதட்டல் விழும்.

பாலு: ஒருத்தரும் பார்க்காததை எதுக்கு மச்சான்...

குமார்: யாருக்கும் தெரியாதுன்னா நான் சொல்றது தப்புன்னும் சொல்ல முடியாதுல்ல 😎

ரேவதி: அண்ணா, குழந்தைய குழப்பாத.

தாரணி (அம்மா ஃபோன்ல): கடைசி கேள்வி. உறிஞ்சலன்னா அது எப்படி 43 லட்சம் ஆச்சு

பாலு: நல்ல கேள்வி. நட்சத்திரம் தனியா ஓடறதால தப்பிக்குது. வாயு அப்படி இல்ல. கூட்டமா சுத்தும்போது ஒண்ணோட ஒண்ணு உரசிச் சூடேறி, வேகத்த இழந்து, கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கும். ஃபோட்டோல தெரியற வெளிச்சம் அந்த வாயுதான். கருந்துளைங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தும் வளரும். நம்மளது எதால எவ்வளவு வளர்ந்துச்சுன்னு இன்னும் தெளிவா இல்ல.

ரேவதி: படிச்சுப் பார்த்துட்டா. 1 நிமிஷம் 40 செகண்ட். வாயு கதைய யாராவது கேட்டா மட்டும் சொல்லட்டும்.

சரசு அத்தை: மறந்துட்டா "நன்றி வணக்கம்" சொல்லிட்டு இறங்கச் சொல்லு.