வாட்டர் பாத்தில் சீஸ்கேக்: நடுப்பகுதி எவ்வளவு ஆடும்போது வெளியே எடுக்கிறீர்கள்?

தெற்குவாசல்:
அக்கா மகளின் பிறந்தநாளுக்குச் சீஸ்கேக் சுட்டபோது கண்டதை எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

600 கிராம் கிரீம் சீஸ், 170 கிராம் சர்க்கரை, 3 முட்டை, நீர் வடித்த தயிர் 150 கிராம், ஒரு மேசைக்கரண்டி சோளமாவு. பெரும்பகுதியை 20 செ.மீ. கழற்றும் டின்னில் ஊற்றினேன். மிச்சம் இரண்டு சிறு பீங்கான் கிண்ணங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, பாதி உயரம் வரை வெந்நீர் ஊற்றி, ஓடிஜியை 160 டிகிரியில் வைத்தேன். கிண்ணங்களின் நடுப்பகுதி ஆடிக்கொண்டிருந்தபோதே அவற்றை எடுத்துவிட்டேன். டின்னும் ஒரு மணி நேரத்தில் அதே நிலைக்கு வந்தது. ஆனால் அது வேகவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னதால், ஆட்டம் முழுவதும் நிற்கும்வரை உள்ளேயே விட்டேன்.

குளிர்ந்த பிறகு கிண்ணத்தில் இருந்தது வெண்ணெய் போல வழுவழுப்பு. டின்னில் இருந்ததோ மேலே பிளந்து, ஓரங்களில் மணல்மணலாக இருந்தது. ஒரே மாவு, ஒரே தண்ணீர். அப்படியானால் எந்த ஆட்டம் சரியான ஆட்டம்?

கோவைக்காரி:
பிளவுக்குக் காரணம் நீராவி போதாததுதான். கேக்கின் மேற்பரப்பு காய்ந்தால் வெடிக்கும். நான் டின்னைத் தண்ணீரிலேயே வைப்பதில்லை. கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைப்பேன். இதுவரை பிளந்ததில்லை, டின்னுக்குள் தண்ணீர் புகுமோ என்ற பயமும் இல்லை.

சுடுமனை:
ஓட்டல் பேஸ்ட்ரி சமையலறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கோவைக்காரி அம்மா சொன்ன நீராவி உண்மைதான், மேல்தோலை அது மென்மையாக வைத்திருக்கும். ஆனால் வாட்டர் பாத்தின் முதல் வேலை டின்னின் பக்கங்களைக் காப்பது. அடுப்புக்குள் 160 டிகிரி இருந்தாலும், டின்னைத் தொட்டிருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. திறந்த தட்டில் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால், பெரும்பாலும் 80, 90 டிகிரி அளவிலேயே நிற்கும். அதனால் ஓரம் முந்தி வெந்து இறுகாமல், நடுப்பகுதி வரும்வரை காத்திருக்கும். கீழ்த்தட்டுக் கிண்ணத்தால் இது முடியாது. உங்களுக்குப் பிளக்காமல் வருகிறது என்றால், குறைந்த சூட்டில் நீண்ட நேரம் சுடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

தட்டின் மேல் அலுமினியத் தாளைப் போர்த்தி மூடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடினால் ஆவி வெளியேறாது, தண்ணீரின் சூடு ஏறிவிடும். கஸ்டர்டில் துளைகள் விழ இதுவும் ஒரு காரணம்.

இனி ஆட்டம். கையுறை போட்டுக்கொண்டு டின்னின் பக்கத்தை மெல்லத் தட்டுங்கள். மேலிருந்து பார்க்காமல், குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் எழும் அலை ஓரம்வரை ஓடினால் உள்ளே இன்னும் திரவம்தான், 10 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஓரத்திலிருந்து மூன்று விரல் அகலத்துக்கு அசைவே இல்லாமல், நடுவில் ஓர் உள்ளங்கை அளவு மட்டும் ஒரே கட்டியாகக் குலுங்கி உடனே நின்றால் அடுப்பை அணைக்கலாம். அப்போது நடுவில் வெப்பமானி குத்தினால் 65, 66 டிகிரி காட்டும். வெளியே எடுத்த பிறகும் ஓரத்துச் சூடு உள்நோக்கிப் போய்க்கொண்டிருப்பதால் இன்னும் சில டிகிரி ஏறும். நடுப்பகுதி உறைவது அந்த மீதிச் சூட்டிலும், பிறகு குளிர்பதனப் பெட்டியிலும்தான். அடுப்புக்குள்ளேயே ஆட்டம் நின்றுவிட்டால் முட்டைப் புரதம் அளவுக்கு மீறி இறுகிவிட்டது என்று பொருள். குளிரும்போது அது சுருங்கும், ஓரம் டின்னில் ஒட்டியிருக்கும், நடுவே பிளக்கும்.

புதுவை_மாடி:
எனக்கும் இதே சிக்கல். ஆறு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தும் நடுப்பகுதி தளும்புகிறது. ஜெலட்டின் அளவைக் கூட்டலாமா?

சுடுமனை:
நீங்கள் செய்வது சுடாத வகை, தம்பி. அதில் முட்டை உறைவது என்ற பேச்சே இல்லை. ஜெலட்டின் முழுவதும் கரைந்ததா என்று முதலில் பாருங்கள்.

மட்டக்களப்பான்:
கேக் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பெருநாளுக்கு வட்டிலப்பத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்துத்தான் சுடுகிறோம். தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலக்காய். அதன் நிறம் கறுப்பு, மேலே நுரை படிந்து தோல் கட்டிவிடும். தோல் அசையாது, கீழே நீர்மமாக இருக்கும். ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்வது கடினம். அதனால் உம்மா மெல்லிய கத்தியை நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் இறக்கிப் பார்ப்பார். கத்தி சுத்தமாக வந்தால் எடுத்துவிடுவார். நடுவில் குத்திச் சுத்தமாக வரும்வரை காத்திருந்தால், ஆறிய பிறகு அடியில் நீர் விட்டுக் கிடக்கும் என்பது அவர் கணக்கு.

சுடுமனை:
உம்மாவின் கணக்கு மிகச் சரி. பால் கலந்த கஸ்டர்டில் முட்டை நீர்த்துப்போயிருப்பதால், உறையும் சூடு சீஸ்கேக்கைவிட அதிகம், கிட்டத்தட்ட 78 முதல் 80 டிகிரி. 85ஐத் தாண்டினால் திரிந்து நீர் பிரியும். இடைவெளி அவ்வளவு குறுகியது. கேரமல் கஸ்டர்டு கிண்ணங்களில் நான் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவு ஆட்டம் இருக்கும்போதே எடுப்பேன். எடுத்தவுடன் கிண்ணங்களை வெந்நீரிலிருந்து வெளியே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரே மேலும் வேகவைக்கும்.

தெற்குவாசல்:
உங்கள் பதிலைப் படித்துவிட்டு அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கினேன். திருகியில் 160 வைத்தால் உள்ளே 185 காட்டுகிறது! மேல்கம்பி சிவக்கும்போது இன்னும் ஏறி, பிறகு இறங்குகிறது. திருகியை 135க்குக் குறைத்த பிறகுதான் வெப்பமானி 160ஐ ஒட்டி நிற்கிறது. அந்த அமைப்பில் அதே அளவில் திரும்பச் செய்தேன். ஒரு மணி நேரம் ஆனபோது அலை ஓரம்வரை ஓடியது. 75 நிமிடத்தில் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. அடுப்பை அணைத்து, கதவில் மரக்கரண்டியைச் செருகி, ஒரு மணி நேரம் உள்ளேயே விட்டேன். பிளவு இல்லை. ஆனால் வெட்டியபோது, நடுப்பகுதி கிண்ணத்தில் வந்ததைவிடச் சற்று இறுக்கமாகவே இருந்தது.

டின்னுக்குத் தாள் சுற்றாமல், 23 செ.மீ. சாதாரண கேக் டின்னுக்குள் இறக்கி, அதைத் தண்ணீரில் வைத்தேன். அடிப்பாகத்துப் பிஸ்கட் ஈரமாகவில்லை. இடையில் காற்று இருப்பதால் நேரம் கூடியது போலிருக்கிறது.

கோவைக்காரி:
என் அடுப்பையும் அளந்து பார்த்தேன். திருகியில் 150, உள்ளே 128! சுடுமனை ஊகித்தது சரிதான். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகிறது என்பதால் மற்றவர்களின் குறிப்புகள் எனக்கு ஒத்துவராமல் இருந்தன. ஆனால் அடுப்புக்குள் ஆறவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் உடனே வெளியே எடுத்து, ஓரத்தைச் சுற்றி மெல்லிய கத்தியை ஓட்டிவிடுவேன். பிடிப்பு விட்டுப்போவதால் சுருங்கினாலும் பிளப்பதில்லை.

சுடுமனை:
இரண்டு வழியும் நடைமுறையில் இருக்கிறது. உள்ளே ஆறவிடுபவர் ஆட்டம் சற்று அதிகமாக இருக்கும்போதே அடுப்பை அணைக்க வேண்டும். தெற்குவாசலுக்கு நடுப்பகுதி இறுகியதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நான் அணைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துக் கத்தி ஓட்டுவேன். என்னுடன் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் இதை ஏற்கவில்லை.

மட்டக்களப்பான்:
தட்டின் அடியில் துணி விரிப்பீர்களா? உம்மா விரிக்கச் சொல்வார், கிண்ணம் வழுக்காமல் இருக்கும் என்பார். போன பெருநாளில் தடித்த துவாலையை மடித்துப் போட்டோம், எல்லாக் கிண்ணங்களின் அடியிலும் துளைகள்.

சுடுமனை:
மெல்லிய துணி ஒரு மடிப்பு போதும். தடித்ததைப் போட்டால் தண்ணீர் கிண்ணத்துக்கு அடியில் ஓட்டமில்லாமல் தேங்கி, அங்கே மட்டும் கொதிக்கக்கூடும். இந்த முறை துணியே இல்லாமல் ஒரு கிண்ணமும் மெல்லிய துணியில் ஒரு கிண்ணமும் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.