பாளையங்கோட்டைப் பக்கம் 24 அறைகள் வேண்டும்

நண்பர்களே, எங்கள் கருத்தரங்குக்கு வெளியூரிலிருந்து 42 பேர் வருகிறார்கள். இருவர் தங்கும் அறை 18, தனி அறை 6, இரண்டு இரவுகள். காலைச் சாப்பாட்டோடு அறைக்கு 2,400 ரூபாய் வரை கொடுக்கலாம். வரி அதற்குள்ளா, தனியா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாதிப் பேர் நெல்லை எக்ஸ்பிரஸில் விடியக் காலையில் வந்து இறங்குவார்கள். பகல் 12 மணிக்குத்தான் சாவி என்றால் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார வேண்டியதுதான். குளித்துக் கிளம்ப நாலு அறையாவது ஏழு மணிக்குக் கிடைக்க வேண்டும்.

அப்புறம், ரத்து விஷயம். போன தடவை கடைசி நேரத்தில் மூன்று அறைக்கு ஆள் வரவில்லை. இரண்டு இரவுக்கும் சேர்த்து 14,400 ரூபாய் தண்டம். ‘சொன்னா பாத்துக்கலாம் சார்’ என்றவர் எதையும் எழுதித் தரவில்லை; தப்பு என்னுடையதுதான். இந்த முறை 15 நாளுக்கு முன்னால் சொன்னால் நாலு அறை வரை கட்டணமின்றி விட வேண்டும். அதற்குப் பிறகு விட்டால் ஒரு இரவு வாடகை பிடிக்கட்டும். முன்பணம் 25 சதவீதம்.

முகூர்த்த நாளை ஒட்டி வருவதால் கல்யாண வீட்டார் அறைகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். இந்த நிபந்தனைகளை எழுத்தில் தரும் விடுதி தெரிந்தால் சொல்லுங்கள். ஜங்ஷன் பக்கமானாலும் சரி.