புதுப்பிப்பு: அமத்தினால் கூடும் நெஞ்சுக் குத்து

"கரைவலை இழுக்கிறனான், வயசு 34. இடப்பக்க நெஞ்சில குத்துது. அமத்தினாலும் மூச்சை இழுத்தாலும் கூடுது. இருதயமோ?"

இப்படிக் கேட்ட உப்புவெளித் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துவிட்டார். ஈசிஜி சரி, இருதயத் தசை பழுதானால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனினும் சரி. நெஞ்செலும்பின் இடது ஓரத்தில், விலாவின் குருத்தெலும்பு வந்து சேரும் இடத்தை வைத்தியர் ஒற்றை விரலால் அமத்தியதும் அதே குத்து வந்தது. வீக்கம் இல்லை. கொஸ்டோகொண்ட்ரைடிஸ், அதாவது விலாக் குருத்தெலும்பு அழற்சி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"அமத்தி நொந்தா இருதயம் இல்லை" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அது பாதிதான் சரி. மாரடைப்பு வந்தவர்களிலும் சிலருக்கு அமத்தினால் நோகும். அதனால்தான் முதலில் ஈசிஜி. வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் நோ இருந்தால் அமத்திப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இபுப்ரோஃபன், சில நாளைக்கு மட்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லையென்று தெரியும்வரை தொடவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும், பரசிற்றமோல் போதும். சுடுநீர் ஒத்தடமும் நோவைக் குறைக்கும்.

படுத்தால் நெஞ்செரிகிறது என்ற அக்கா, உங்களது வேறு, பெரும்பாலும் வயிற்று அமிலம். தனியாகக் காட்டுங்கள்.

வலைக்கு எப்போது திரும்புவது? வைத்தியர் நாள் சொல்லவில்லை. இது ஆற வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு. ஆழ்ந்த மூச்சும் இருமலும் நோகாமல் வரும்வரை கயிறு பிடிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தம்பியின் சம்மாட்டி அதுவரை பொறுப்பாரா தெரியவில்லை.