வாடகைன்னு நெனச்சா லீஸு

குரூப்: பாட்டி வீட்டு பசங்க

தினேஷ்: செல்விக்கா முழிச்சிருக்கியா? தண்டையார்பேட்டை வீட்டுக்கு இப்பதான் போய்ட்டு வரேன். ரெண்டு மாசமா வாடகை வரலன்னியே, மாடில இருக்கற அம்மாகிட்ட கேட்டேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "என்ன வாடகை தம்பி, நாங்க எட்டு லட்சம் லீஸ்ல இல்ல இருக்கோம்"ங்கறாங்க

செல்வி (ஷார்ஜா): இன்னாடா சொல்ற?? 14,000 வாடகைன்னு தானே ஏஜென்ட் சொன்னாரு. அவரு பாத்துக்கறதுக்கு 1,000 எடுத்துக்கிட்டு மிச்சம் 13,000 இருவது மாசம் கரெக்டா போட்டாரே

தினேஷ்: பீரோலேர்ந்து பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்ச ஸ்டாம்ப் பேப்பர எடுத்து காட்டினாங்க. ரெண்டு வருஷ லீஸு, ஓனருக்காக பவர் ஏஜென்ட்னு அவன் கையெழுத்து. எட்டு லட்சமும் அவன் அக்கவுண்டுக்கு போட்ட பேங்க் சீட்டு பின்னாடி பின் அடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மாசத்துல முடியுதாம், பணம் ரெடியான்னு என்னையே கேக்கறாங்க

சாந்தி அத்தை: மீஞ்சூர் கிரவுண்டு விஷயமா? அங்க யாரோ கல்லு நட்டுட்டு போயிருக்கான் நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன் ஒருத்தரும் போய் பாக்க மாட்டேங்கறீங்க

தினேஷ்: அத்த இது செல்விக்கா வீடு

பாபு: இன்னாக்கா இதுக்கு போய் டென்ஷனா. பவர கேன்சல் பண்ணு, லீஸு தானா செல்லாது, வேற பூட்டு போட்டு அனுப்பி விட்டுடலாம்

கணேசன் மாமா: பாபு சும்மா இரு. கேன்சல் பண்ணணும், சரி, ஆனா அது அவன் இனிமே செய்யறத தான் தடுக்கும். பவர் உயிரோட இருக்கும்போது அவன் போட்ட கையெழுத்து செல்வி போட்ட மாதிரி தான். குடியிருக்கறவங்க சாமானத்த வெளிய வெச்சா நம்ம மேல தான் கேஸு வரும். செல்வி, பவர்ல என்ன எழுதியிருக்கு?

செல்வி: அவரே டைப் பண்ணி அனுப்பினாரு மாமா, நான் கான்சுலேட்ல அட்டஸ்ட் பண்ணி கூரியர் பண்ணேன். வாடகைக்கோ லீசுக்கோ விடலாம், அட்வான்ஸ் வாங்கலாம்னு இருக்கு 😞

கணேசன் மாமா: அந்த "லீசுக்கோ" தான் கண்ணு. முப்பது வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதினவன் சொல்றேன், பவர வாங்கறவனே எழுதக்கூடாது. வாடகைக்காரங்க நம்பர் கேட்டியா நீ?

செல்வி: கேட்டேன், சும்மா சும்மா போன் பண்ணி ரிப்பேர் சொல்லுவாங்க, உங்களுக்கு தொந்தரவுன்னாரு. வாடகைய நேரா என் என்ஆர்ஓ அக்கவுண்டுக்கு போட சொன்னா, அவங்க முப்பது சதவீதத்துக்கு மேல டிடிஎஸ் புடிக்கணும், பயந்து ஓடிருவாங்க, அதான் என் அக்கவுண்ட் வழியா போடறேன்னாரு

கணேசன் மாமா: டிடிஎஸ் நெசம் தான், ஓனர் வெளிநாடுன்னா புடிச்சி தான் ஆகணும். ஆனா கணக்கு தாக்கல் பண்ணா அதிகமா புடிச்சது திரும்ப வந்துரும். நெசத்த சொல்லியே ஏமாத்திருக்கான். பணம் என்னிக்கு வரும்?

செல்வி: எப்பவும் 1ம் தேதி காலைல

கணேசன் மாமா: வாடகைக்கு இருக்கறவன் எவனும் இருவது மாசம் விடாம ஒண்ணாம் தேதி காலைல போட மாட்டான்மா. ஒரு மாசம் ஆஸ்பத்திரி, ஒரு மாசம் ஸ்கூல் ஃபீஸுன்னு அஞ்சு பத்துன்னு இழுக்கும். அவங்க பணத்துலேர்ந்தே உனக்கு 2,60,000 குடுத்துட்டு 5,40,000 அவன் கைல வெச்சிக்கிட்டான். அடுத்த வீட்டு லீஸ் பணம் வந்தா இத அடைக்கலாம்னு ஓட்டியிருப்பான், எங்கயோ சங்கிலி அறுந்துருக்கு

பாபு: அப்ப லீஸ் ரிஜிஸ்டரே ஆகலியே, அது செல்லுமா?

கணேசன் மாமா: இது நல்ல கேள்வி. ஒரு வருஷத்துக்கு மேலன்னா பதியணும், பதியாததால ரெண்டு வருஷம்ங்கறது கோர்ட்ல நிக்காது. ஆனா பணம் குடுத்தது பேங்க்ல இருக்கே, அத எப்படி இல்லன்னுவ

செல்வி: அப்ப எட்டு லட்சம் நான் குடுக்கணுமா 😭

கணேசன் மாமா: அத வக்கீல் தான் சொல்லணும், நான் வாய விட மாட்டேன். இப்ப செய்ய வேண்டியது, பவர் ரத்து பண்ணி அவனுக்கும் அந்தம்மாவுக்கும் ஸ்பீட் போஸ்ட்ல எழுதிடு. தினேஷ் பேர்ல புது பவர் குடு, புகார் குடுக்கவும் கேஸ் நடத்தவும் மட்டும். விக்க, லீஸ் விட, மொத்தமா பணம் வாங்க அதிகாரம் இல்லன்னு தனியா எழுதணும், நான் எழுதி தரேன். ஒரிஜினல் இங்க வந்து மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் கட்டிடணும். அப்பறம் வேப்பேரி கமிஷனர் ஆபீஸ். அந்தம்மாவும் தனியா புகார் குடுத்தா இன்னும் பலம், அவங்கள பகைச்சிக்காதீங்க

தினேஷ்: ஏஜென்ட் கடைக்கும் போனேன். ஷட்டர் பூட்டியிருக்கு, போன் சுவிட்ச் ஆஃப். வெளில நாலு பேர் நிக்கறாங்க, ஒருத்தர் கைலயும் அதே மாதிரி பிளாஸ்டிக் கவரு

பாபு: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கணேசன் மாமா: அந்த நாலு பேர் நம்பரையும் வாங்கிட்டியா?

தினேஷ்: இல்ல மாமா. திரும்ப போறேன்

சாந்தி அத்தை: அப்படியே மீஞ்சூரும் ஒரு எட்டு போய்ட்டு வா