ரஷ்ய உயிர்களுக்கு நேர்வது குறுக்கமா, மங்கலா?

அன்புள்ள அன்பர்களுக்கு,

ரஷ்ய மொழிப் பாடநூல் ஒன்றுக்குத் தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதி வருகிறேன். அழுத்தம் விழாத அசைகளில் உயிரொலி தன் நிறம் இழந்து வேறொன்றாக ஒலிப்பதற்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. இப்போதைக்கு 'உயிர்க்குறுக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. பாலைக் குறிக்கும் சொல்லை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'மொலொகொ' என்று வரும். மாஸ்கோக்காரர் வாயில் அது 'மலகோ' ஆகிவிடுகிறது. எழுத்தில் மூன்று இடத்திலும் ஒரே ஒகரம்தான். கடைசி அசையில் அழுத்தம் இருப்பதால் அங்கே மட்டும் அது தன் உருவில் நிற்கிறது, அதற்கு முந்தைய அசையில் அகரம் போல ஒலிக்கிறது, முதல் அசையிலோ இன்ன உயிர் என்று சொல்ல முடியாதபடி தேய்ந்துபோகிறது. குறுக்கம் என்றால் நம் இலக்கணத்தில் மாத்திரை குறைவதுதானே? இங்கே ஒலியே மாறுகிறதே.

கயல்விழி

---

அம்மா கயல்விழி அவர்களுக்கு,

இதற்குப் புதுச்சொல் எதற்கு? குற்றியலுகரம், குற்றியலிகரம், ஐகாரக்குறுக்கம் என்று வகைவகையாகப் பெயரிட்டு வைத்த மொழி நம்முடையது. எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருப்பதும் நமக்குப் புதிதன்று. 'இலை' என்று எழுதி 'எலை' என்கிறோம், 'உடம்பு' என்று எழுதி 'ஒடம்பு' என்கிறோம். ரஷ்யர்கள் செய்வதும் இதையேதான். ஆகவே 'உயிர்க்குறுக்கம்' என்பதே போதும்.

சிவசாமி

---

சிவசாமி ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். குற்றியலுகரத்தில் மாத்திரை மட்டும் குறைவதில்லை. 'நாடு' என்னும்போது ஈற்றுகரத்துக்கு நாம் இதழ் குவிப்பதும் இல்லை. ஆகவே குறுக்கம் என்ற சொல்லுக்குள் ஒலிமாற்றமும் ஓரளவு அடங்கும் என்று வாதிடலாம். ஆனால் 'இலை, எலை' வேறு கதை. அங்கே இகரத்தை மாற்றுவது அடுத்த அசையில் உள்ள ஐகாரம். 'உடம்பு' என்பதில் டகரத்தின் மேல் ஏறிய அகரம். ரஷ்ய மொழியிலோ அழுத்தம் எங்கே விழுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரே சொல்லில் அழுத்தம் இடம் மாறும்போது இதைக் காதாலேயே கேட்கலாம். சன்னலைக் குறிக்கும் சொல் ஒருமையில் 'அக்னோ', பன்மையில் 'ஓக்னா'. எழுதும்போது இரண்டிலும் முதலெழுத்து ஒகரமே. ஒலிப்படி எழுதினால் ஒருமைக்கு அகரம், பன்மைக்கு ஒகரம் என்று ஒரே வேர் இரண்டு முகம் காட்டும். வேரின் முகம் மாறக்கூடாது என்பதற்காகவே எழுத்துமுறை ஒலியை விட்டு விலகி நிற்கிறது.

எகரத்துக்கும் இதே நிலைதான். காடு என்பது 'லெஸ்'. 'காடுகள்' என்பதை எகரமிட்டு எழுதுகிறார்கள், ஆனால் அழுத்தம் ஈற்றுக்கு நகர்வதால் அது 'லிஸா' என்று ஒலிக்கிறது. பெண்நரியைக் குறிக்கும் சொல்லும் 'லிஸா'தான். அதை இகரமிட்டு எழுதுகிறார்கள். காதுக்கு இரண்டும் ஒன்று. சொல்லெழுதும் சிறுவன் எந்த எழுத்தைப் போடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வான்? ஐயத்துக்குரிய அசையின் மேல் அழுத்தம் விழும் உறவுச்சொல் ஒன்றைத் தேடு என்று பள்ளியில் கற்பிக்கிறார்கள். காட்டுக்கு ஒருமை 'லெஸ்', ஆகவே எகரம். நரிக்குப் பன்மையில் அழுத்தம் முதலசைக்கு வந்து இகரம் தெளிவாகக் கேட்கும், ஆகவே இகரம்.

இந்த வழி எங்கும் பலிக்காது. வெயிலில் கறுத்த மேனி நிறத்தைக் குறிக்கும் 'ஸகார்' என்ற சொல்லில் அழுத்தம் பெற்ற அகரம் தெளிவாகக் கேட்கிறது. அதன் வினைச்சொல்லிலோ, அழுத்தம் நீங்கிய அந்த இடத்தில், ஒகரமிட்டே எழுதவேண்டும். உறவுச்சொல்லை நம்பியவன் இங்கே பிழை செய்வான்.

மாறன்

---

மாறன் சார் சொன்ன பள்ளி வழியை நானும் கற்றேன். மருத்துவம் படிக்க அங்கே போன முதல் ஆண்டில், சொல்லெழுதும் தேர்வில் நாயை ஒலித்தபடியே 'சபாக்கா' என்று அகரமிட்டு எழுதி, சிவப்பு மையில் திரும்பப் பெற்றேன். எழுத வேண்டியது 'சொபாக்கா'. இதில் அழுத்தம் எப்போதும் இரண்டாம் அசையிலேயே இருப்பதால், முதலசையைச் சோதிக்க உறவுச்சொல்லே கிடையாது. மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி வோலக்தா பக்கத்தவர். அவர் மட்டும் 'மொலொகோ' என்று எல்லா ஒகரங்களையும் முழுதாகச் சொல்வார். அயல்நாட்டுப் பெண்ணுக்குப் புரியட்டும் என்று எழுத்துக்கூட்டிப் பேசுகிறார் என்றே பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவருடைய ஊர்ப்பேச்சு என்று பிறகுதான் தெரிந்தது.

ராதிகா

---

நல்ல இழை. என் ஐயத்துக்கும் ஒரு முடிவு சொல்லிவிடுங்கள்: தமிழில் தஸ்தயெவ்ஸ்கி என்று எழுதுவது சரியா, தொஸ்தொயெவ்ஸ்கி என்பது சரியா? பழைய மொழிபெயர்ப்புகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது.

பாலு

---

பாலு, கேள்வி கலைச்சொல்லைப் பற்றியது, ஆனாலும் உங்கள் ஐயம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. தஸ்தயெவ்ஸ்கி என்பது காதின் வழி, தொஸ்தொயெவ்ஸ்கி என்பது எழுத்தின் வழி. கோர்க்கிக்கு இந்தச் சிக்கலே இல்லை. அழுத்தம் முதலசையில் இருப்பதால் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகின்றன. எதை எடுத்தாலும் அதே வழியில் இறுதிவரை போகவேண்டும் என்பது என் கருத்து. தஸ்தயெவ்ஸ்கி என்று எழுதுகிறவர் தல்ஸ்தோய் என்றும் எழுதவேண்டும். அப்படி எழுத எனக்கே கை வரவில்லை.

ராதிகா அவர்களின் பாட்டி பேசியது வடரஷ்ய வழக்கு. அழுத்தமற்ற ஒகரத்தை அகரமாக்குவது மாஸ்கோவின் பழக்கம். 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படிகளிலேயே எழுதுவோர் கைதவறி ஒகரத்துக்கு அகரம் போட்டிருப்பதைக் காணலாம். வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் பக்கம் பிறந்த ரஷ்ய அறிஞர் லமனோசவ், 1755இல் எழுதிய இலக்கணத்தில், தம் ஊர் ஒலிப்பை விட்டு இந்த மாஸ்கோ அகரமே இனிமையானது என்று தீர்ப்பளித்தார். ஒலிப்பில் மாஸ்கோ வென்றது, எழுத்திலோ பழைய ஒகரம் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து பெலாரஸ் மொழி இதற்கு நேர்மாறான வழியைப் பிடித்து, பாலை 'மலகோ' என்று ஒலித்தபடியே எழுதுகிறது.

கயல்விழி கேட்ட சொல்லுக்கு வருகிறேன். 'நலிவு' என்று சிலர் தனிமடலில் எழுதினார்கள். உரையாசிரியர்கள் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஓசை வேறுபாட்டுக்கு ஏற்கெனவே அச்சொல்லை ஆண்டிருப்பதால் குழப்பம் வரும். 'மயக்கம்' எழுத்துகளின் சேர்க்கையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பொது நிகழ்வுக்கு 'உயிர்மங்கல்' என்று வைக்கலாம். விளக்கின் ஒளி மங்குவது போல இதற்கும் படிகள் உண்டு. அழுத்தம் பெற்ற அசைக்கு 3, அதற்கு முந்தையதற்கு 2, மற்றவற்றுக்கு 1 என்று மொழியறிஞர் பொதெப்னியா 19ஆம் நூற்றாண்டில் வலிமையை எண்ணாகவே எழுதினார். 'மலகோ' 1, 2, 3 என்று ஏறுகிறது. ரஷ்யர்கள் அகரமாக்கும் வழக்கத்துக்கு 'ஆகன்யே' என்று அந்த எழுத்தைக் கொண்டே பெயரிட்டிருப்பதால், நாமும் 'அகரமாதல்', 'இகரமாதல்' என்று இரண்டு உட்பெயர்களைத் தரலாம்.

மாறன்

---

மங்கல் என்றால் எங்கள் ஊரில் மாலைக்கண்ணுக்குச் சொல்வார்கள். என் ஓட்டு இன்னும் குறுக்கத்துக்கே.

சிவசாமி

---

மாறன் ஐயாவுக்கு நன்றி. 'அகரமாதல்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்; பொதுச்சொல்லுக்கு உயிர்மங்கல், உயிர்க்குறுக்கம் இரண்டையும் வரைவில் விட்டுவைக்கிறேன். ஆனால் 'இகரமாதல்' எனக்கு இடிக்கிறது. மனைவியைக் குறிக்கும் சொல்லை எகரமிட்டே எழுதுகிறார்கள். ஆனால் அங்கே முன்னிற்கும் மெய் வல்லொலி என்பதால், கேட்பது நம் இகரம் அன்று, நாவைப் பின்னுக்கு இழுத்துச் சொல்லும் வேறோர் உயிர். உறவுச்சொல்லைத் தேடிப் பன்மைக்குப் போனால், அழுத்தம் பெற்ற அந்த இடத்தில் எகரமும் இல்லை, ஓகாரம் கேட்கிறது! எழுத்தில் மட்டும் எகரத்தின் மேல் இரண்டு புள்ளிகள், அதையும் பல அச்சுநூல்களில் போடுவதில்லை. இந்த ஒன்றை எந்தப் பெயரின் கீழ் வைப்பது?

கயல்விழி